பாட்டி கையில் அட்ரினலின் பென் இருந்தால் போதுமா? குழந்தையின் அலர்ஜி அவசரத்தில் தயக்கமே பெரிய ஆபத்து

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. அப்பா, அம்மா இருவரும் ஓ.எம்.ஆர் பக்கம் ஐ.டி வேலை. ஆறு வயதுப் பையனுக்கு முந்திரி அலர்ஜி. ஒருமுறை முந்திரி பர்ஃபி சாப்பிட்டு ஆஸ்பத்திரி வரை போய் வந்தவன். அதன் பிறகு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, வெளிநாட்டில் இருக்கும் மாமா இரண்டு அட்ரினலின் பென் வாங்கி வந்தார். பென் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அவனைப் பார்த்துக்கொள்வது அம்மா வழிப் பாட்டி.

இது ஒரு கற்பனை வீடு. ஆனால் அலர்ஜி உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் நிலைமை ஏறக்குறைய இதேதான். மருந்து இருக்கிறது, அதைப் போட வேண்டிய ஆளும் பக்கத்தில் இருக்கிறார். "போடு" என்று சொல்லும் அதிகாரம் மட்டும் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த அதிகாரத்தை முன்கூட்டியே பாட்டியிடம் ஒப்படைக்காத வரை, அலமாரியில் இருக்கும் பென்னால் குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

22 நிமிடங்களில் என்ன நடக்கிறது?

மாலை 4.40 மணி. பக்கத்து வீட்டிலிருந்து சப்பாத்தியும் குருமாவும் வருகிறது. "முந்திரி போட்டிருக்கீங்களா?" என்று பாட்டி கேட்கத்தான் செய்கிறார். "இல்லையே" என்கிறார் அந்த வீட்டு அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற முந்திரி அதில் இல்லை. தேங்காயோடு சேர்த்து அரைத்த நாலு முந்திரி அவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

4.45: "பாட்டி, நாக்கு குறுகுறுங்குது" என்கிறான் பையன்.

4.50: வாயைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு. உதடு லேசாக வீங்குகிறது. பாட்டி செட்ரிசின் சிரப் கொடுக்கிறார். இதுவரை தவறு எதுவும் இல்லை. தோலில் மட்டும் அறிகுறி இருந்தால் அலர்ஜி மாத்திரையோ சிரப்போ கொடுக்கலாம். ஆனால் அந்த நிமிடமே பென்னை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையை விட்டு நகராமல் கவனிக்க வேண்டும்.

4.58: வாந்தி.

5.02: வறட்டு இருமல், விடாமல். குரல் கரகரக்கிறது. "தொண்டையில என்னவோ அடைக்குது" என்கிறான்.

பென் போட வேண்டிய நேரம் இந்த 5.02. இதற்கு மேல் காத்திருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

பயிற்சி இல்லாத வீட்டில் அடுத்து நடப்பது வேறு. பாட்டி மகளுக்கு போன் செய்கிறார். எடுக்கவில்லை. மருமகனுக்குச் செய்கிறார். பிஸி. 5.12-க்கு மகள் திருப்பிக் கூப்பிடுகிறார். "சிரப் கொடுத்தீங்களா? இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா. இல்லன்னா ஆட்டோ பிடிச்சு கிளினிக் போயிடுங்க, நான் வந்துடறேன்." பாட்டி பையனைக் கையைப் பிடித்து மாடிப்படி இறங்க வைக்கிறார். இரண்டாவது மாடியில் அவன் கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறான்.

யார் மேல் குற்றம்? பாட்டிக்குப் பாசம் குறைவா? மகளுக்கு அக்கறை இல்லையா? இரண்டும் இல்லை. "எப்போது போட வேண்டும்" என்பதையும், "யாரையும் கேட்காமல் போடலாம்" என்பதையும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசி வைக்கவில்லை.

இங்கிலாந்தில் அலர்ஜி மரணங்களை ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-ல் வெளியிட்ட ஆய்வு, உணவு அலர்ஜியில் இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நின்றது பெரும்பாலும் சுமார் 30 நிமிடத்தில் என்று காட்டியது. அது நடுக்கணக்கு. சிலருக்கு அதைவிடச் சீக்கிரம், சிலருக்குத் தாமதம். நம் கணக்கில் முதல் வாய் 4.40. பதில் போன் வந்தது 5.12.

எது சாதாரண அலர்ஜி, எது அனஃபிலாக்சிஸ்?

அனஃபிலாக்சிஸ் என்பது உடல் முழுவதையும் தாக்கும் கடுமையான அலர்ஜி. அதை அடையாளம் காண மருத்துவப் படிப்பு தேவையில்லை. பார்க்க வேண்டியவை மூன்று: தொண்டை, மூச்சு, ரத்த ஓட்டம்.

தொண்டை: நாக்கு வீக்கம், தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, குரல் கரகரப்பு, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது.

மூச்சு: விடாத இருமல், வீசிங், மூச்சு வாங்குவது, பேச முடியாமல் திணறுவது.

ரத்த ஓட்டம்: முகம் வெளிறுவது, தலைச்சுற்றல், கால் தளர்வது, மயக்கம். சின்னக் குழந்தை என்றால் துணி போலத் துவண்டு போவது.

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். மூன்றும் சேர வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. அலர்ஜி என்று தெரிந்த உணவைச் சாப்பிட்ட பிறகு, உடம்பில் தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும் அது அனஃபிலாக்சிஸ் கணக்கில்தான் வரும்.

பாட்டிகளும் தாத்தாக்களும் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, "உடம்புல தடிப்பே இல்லையே, அப்புறம் எப்படி அலர்ஜி?" என்ற சந்தேகம். அனஃபிலாக்சிஸ் வரும் பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எந்த அடையாளமும் இருக்காது. இன்னொன்று, குழந்தை அமைதியாவது. அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று அடங்கி மடியில் சாய்ந்தால், "அப்பாடா, தூங்கிட்டான்" என்று தோன்றும். தடிப்பு குறைந்தது போலவும் தெரியலாம். ஆனால் அது ரத்த அழுத்தம் இறங்குவதாகவும் இருக்கலாம். அழைத்தால் கண் திறந்து பதில் சொல்கிறானா, உதட்டில் நிறம் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

சிரப் ஏன் போதாது?

"அலர்ஜிக்குத்தான் செட்ரிசின் கொடுத்தாச்சே" என்ற நிம்மதிதான் பல வீடுகளில் நேரத்தைத் தின்கிறது.

செட்ரிசின், அவில் போன்றவை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் அளவுக்கு ஆகும். வீங்கும் தொண்டையை அவை திறக்காது. இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது. ஸ்டீராய்டு இன்னும் மெதுவான மருந்து.

அட்ரினலின் செய்வது வேறு. தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. தொண்டை வீக்கத்தைக் குறைக்கிறது. சுருங்கிய மூச்சுக் குழாய்களை விரிக்கிறது. அலர்ஜியைத் தூண்டும் ரசாயனங்கள் மேலும் வெளியேறுவதையும் தடுக்கிறது. தொடைத் தசையில் போட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆஸ்துமாவும் உள்ள குழந்தை என்றால் முதலில் அட்ரினலின், அதன் பிறகுதான் இன்ஹேலர்.

பென் போடுவது எப்படி?

உலகில் பல வகை பென்கள் இருக்கின்றன. மூடியின் நிறமும் அழுத்திப் பிடிக்கும் நேரமும் ஒவ்வொன்றுக்கும் மாறும். பரவலாகத் தெரிந்த எபிபென்னில் ஊசி வரும் முனை ஆரஞ்சு நிறம், கழற்ற வேண்டிய மூடி நீல நிறம், பிடிக்க வேண்டிய நேரம் 3 விநாடி. ஜெக்ஸ்ட் என்ற பென்னில் மூடி மஞ்சள், ஊசி முனை கறுப்பு, பிடிக்க வேண்டியது 10 விநாடி. அதனால் வீட்டில் எந்த பென் இருக்கிறதோ அதிலேயே பழக வேண்டும். எபிபென் என்றால்:

1. குழந்தையைப் படுக்க வையுங்கள். காலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது கால் உதறினால் கிழிக்கும்.

2. பென்னை முஷ்டியில் பிடியுங்கள். ஆரஞ்சு முனை கீழே. கட்டை விரலை எந்த முனையிலும் வைக்கக் கூடாது.

3. நீல மூடியை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள்.

4. தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில் ஆரஞ்சு முனையை வைத்து 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை பலமாக அழுத்துங்கள். பேன்ட் மேலேயே போடலாம். பாக்கெட்டும் தடித்த தையலும் மட்டும் இடையில் வரக் கூடாது.

5. மூன்று எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து எடுங்கள். ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிக்கொள்ளும். மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பென் போட்ட உடனே 108. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பென், ஒருவர் போன். போனில் நோயின் பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. "குழந்தைக்குக் கடுமையான அலர்ஜி, மூச்சு விட முடியல, அட்ரினலின் ஊசி போட்டிருக்கோம்" என்றால் போதும்.

5 நிமிடம் ஆகியும் முன்னேற்றம் இல்லை என்றாலோ, நிலைமை மோசமானாலோ இரண்டாவது பென்னைப் போட வேண்டும். எப்போதும் இரண்டு பென்னைச் சேர்த்தே வைக்கச் சொல்வது இதனால்தான்.

எழுப்பி உட்கார வைக்காதீர்கள்

மயங்கும் குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, "கண்ணா, எழுந்திரு" என்று நடக்க வைப்பது நம் வீடுகளில் தன்னாலேயே வரும் பழக்கம். அனஃபிலாக்சிஸில் இது ஆபத்து. ரத்த அழுத்தம் தரைமட்டத்தில் இருக்கும்போது நிமிர்த்தினால், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துபோகும். படுத்திருந்தவர் திடீரென்று எழுந்த அல்லது நிமிர்த்தி உட்கார வைக்கப்பட்ட சில விநாடிகளில் உயிர் போன சம்பவங்களை அதே பம்ஃப்ரி 2003-ல் பதிவு செய்திருக்கிறார்.

படுக்க வைத்து காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு இல்லாவிட்டாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டாமல், கைகளில் கிடத்தினாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். மாடியில் இருந்தால் ஆம்புலன்ஸ் ஆட்கள் மேலே வரட்டும். காரில்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால் பின் சீட்டில் படுக்க வைத்தபடி போக வேண்டும். பென் போட்டுச் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து அலர்ஜி இரண்டாவது முறை திரும்பி வரலாம்.

"தப்பா போட்டுட்டா என்ன ஆகும்?"

பாட்டி மனதில் ஓடும் உண்மையான கேள்வி இது. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அதனால் பெற்றோரே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட வேண்டும்.

தேவையில்லாமல் ஒரு பென் போடப்பட்டால் குழந்தைக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும், தலை வலிக்கலாம். சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும். டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம். தேவைப்படும்போது போடாமல் விட்டால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். இந்தக் கணக்கினால்தான் ஆஸ்திரேலிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பான 'அசியா' தன் அவசரத் திட்டத் தாளிலேயே, சந்தேகம் இருந்தால் பென்னைப் போடச் சொல்கிறது.

"ஊசி போடுறதெல்லாம் நர்ஸ் வேலை, வயசானவங்களைப் பயமுறுத்தலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கருவியே நர்ஸ் இல்லாத இடத்துக்காகச் செய்யப்பட்டது. நரம்பு தேட வேண்டாம், மருந்து அளக்க வேண்டாம், ஊசி கண்ணுக்குக்கூடத் தெரியாது. சர்க்கரைக்குத் தினமும் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எட்டாத வித்தை இல்லை. எதுவும் தெரியாமல் குழந்தையோடு தனியாக மாட்டிக்கொள்வதுதான் உண்மையில் பயமுறுத்தும்.

ஆகவே மகள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அம்மா, இருமல் விடலைன்னா, குரல் மாறினா, துவண்டு போனா நீ போட்டுடு. எனக்கு போன் பண்ணாத. போட்டுட்டு 108-க்குப் பண்ணு, அப்புறம் எனக்குப் பண்ணு. தப்பாப் போனாலும் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்." இதை மருமகன் முன்னாலேயே சொல்வது இன்னும் நல்லது.

பயிற்சி என்றால் என்ன?

யூடியூப் வீடியோவை ஃபார்வேர்டு செய்வது பயிற்சி ஆகாது. ஊசியும் மருந்தும் இல்லாத 'டிரெய்னர்' பென் கிடைக்கிறது. அதைப் பாட்டி தன் தொடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பிரச்சினைகள் வெளியே வரும். மூட்டுவலி உள்ள விரல்களால் மூடியை இழுக்க முடிகிறதா? க்ளிக் வரும் அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறாரா? பலர் வலிக்குமே என்று தயங்கி மெதுவாகத்தான் அழுத்துவார்கள். காலாவதியான நிஜ பென் இருந்தால், அதை ஒரு சாத்துக்குடியில் குத்திப் பார்க்கச் சொல்லலாம். உண்மையான விசை எப்படி என்று கைக்குப் பழகும். அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பென்னை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

பென்னைத் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டை விரலிலேயே குத்திக்கொள்வதும் நடக்கிறது. அப்படி ஆனால் மருந்து குழந்தைக்குப் போகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது பென்னை உடனே போட வேண்டும். குத்திக்கொண்டவரும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

ஒருமுறை சொல்லிக் கொடுத்தது சில மாதங்களில் மறந்துபோகும். மாதத்தின் முதல் ஞாயிறு ஐந்து நிமிடம் ஒதுக்கி, "இப்ப இவனுக்கு இருமல் வருது, குரல் மாறிடுச்சு, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு டிரெய்னரை எடுக்க வைக்கலாம். பாட்டியோடு வீட்டு வேலை செய்யும் அக்கா, ஸ்கூல் வேன் அண்ணன், வகுப்பு டீச்சர், பக்கத்து வீடு எல்லோரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். பென் மேல் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். படிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் எல்லோருக்கும் உதவும்.

பென்னை அந்த ஃபிரிட்ஜுக்குள் மட்டும் வைக்கக் கூடாது. 25 டிகிரி வரையிலான அறை வெப்பம்தான் அதற்கு ஏற்றது. சென்னை மே மாதத்தில் கார் டேஷ்போர்டும் ஸ்கூட்டர் டிக்கியும் மருந்தைக் கெடுத்துவிடும். வெளியே போகும்போது வெப்பம் தாங்கும் பையில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் எடுத்துப் போகலாம். பென்னில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் மருந்து தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டாலோ தேதி முடிந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

2017-ல் லண்டனில் பள்ளியில் வைத்து அலர்ஜி தாக்கி 13 வயது மாணவன் ஒருவன் இறந்தான். பள்ளியில் அவனுக்காக இருந்த பென் காலாவதியானது என்பது விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல், பிரிட்டன் பள்ளிகள் டாக்டர் சீட்டு இல்லாமலே உபரி பென் வாங்கி வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது.

பென்னே கிடைக்காவிட்டால்?

நம் ஊரில் இது பெரிய சிக்கல். ஆட்டோ இன்ஜெக்டர் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. பலர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள், விலையும் அதிகம். ஆனால் அட்ரினலின் மருந்து அப்படி இல்லை. ஆம்பியூல் வடிவில் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மலிவான மருந்து அது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது குழந்தைகளுக்கான அளவு. 20 கிலோ பையனுக்கு 0.2 மில்லிகிராம். பென் வாங்க முடியாத பெற்றோர், ஆம்பியூலும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு அளந்து போடும் முறையைத் தங்கள் டாக்டரிடமே நேரில் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கலாம். இது பென்னைவிடக் கடினம். பதற்றத்தில் அளவு தவறலாம், நேரமும் ஆகும். டாக்டர் எழுதிக் கொடுத்து, செய்து காட்டி, பெற்றோர் செய்ததைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வீட்டில் வைக்க வேண்டும். பாட்டிக்கு அது சரிப்படாது என்று டாக்டர் சொன்னால், அட்ரினலின் உடனே போடக்கூடிய மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்பதை இப்போதே போய் விசாரித்து வைக்க வேண்டும். அங்கே சென்றதும் முதலில் சொல்ல வேண்டியது: "அனஃபிலாக்சிஸ் மாதிரி இருக்கு. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எப்ப மூச்சுத் திணறல் ஆரம்பிச்சதுன்னு எழுதி வச்சிருக்கோம். அட்ரினலின் போடணுமான்னு உடனே பாருங்க."

இப்போது அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குத் திரும்பினால், 5.02-க்குப் பையன் குரல் மாறுகிறது. பாட்டி 4.50-க்கே பென்னை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். பையனைப் படுக்க வைத்து, காலைப் பிடித்து, மூன்று எண்ணுகிறார். 5.04-க்கு 108. 5.10-க்கு இருமல் குறைகிறது. இரண்டாவது பென் பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிய பிறகுதான் மகளின் போன் அடிக்கிறது.

"போட்டுட்டேன்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கோம், நீ நேரா அங்க வந்துடு."